"மோதிரத்தைத் திருடிட்டா" என்று பாட்டி சொல்லும்போது

கேள்வி: பாட்டிக்கு 79 வயது. அல்சைமர் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நாலைந்து மாதமாக, மோதிரத்தை அம்மா திருடிவிட்டதாகச் சொல்கிறார். சாயங்காலம் ஆனால் வாசலில் நின்று "வீட்டுக்குப் போகணும்" என்கிறார், இருப்பது அவர் வீட்டில்தான். எவ்வளவு விளக்கினாலும் ஏறவில்லை. அத்தை போன் பண்ணினால் மட்டும் நன்றாகப் பேசுகிறார். இந்த ஒரு வாரமாகப் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், ராத்திரியில் கத்துகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா? எப்படிச் சமாளிப்பது?

மோதிரத்துக்கு அப்புறம் வருகிறேன். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இந்த ஒரு வாரத்து விஷயம், எனக்கு அதுதான் முதலில் உறுத்துகிறது. நான் முதியோர் மனநலப் பிரிவில் 19 வருடம் செவிலியராக இருந்தேன், அதில் பாதி வருடங்கள் வீடுகளுக்கே போய்ப் பார்க்கிற வேலை. மருத்துவர் இல்லை, அதனால் மாத்திரை அளவெல்லாம் சொல்ல மாட்டேன், பாட்டியைப் பார்க்காமல் நோயின் வகையைப் பற்றியும் பேச மாட்டேன். ஆனால் ஒன்று உறுதியாகச் சொல்லலாம்: அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாகச் சரிகிற நோய். ஒரு வாரத்தில் ஒருவர் தலைகீழாக மாறினால், பகலில் எழுப்பினாலும் கண் சொருகி, ராத்திரியில் கத்தினால், "நோய் முற்றிவிட்டது" என்று விட்டுவிடக் கூடாது. அது பெரும்பாலும் டெலிரியம் என்கிற நிலையாக இருக்கும். உடம்பில் வேறு எங்கோ உள்ள கோளாறு மூளையைக் குழப்புவது. அல்சைமர் மாதிரியான மறதி நோய்களுக்குப் பொதுப்பெயர் டிமென்ஷியா; அது உள்ளவர்களுக்கு இது சுலபமாக வரும், காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் இறங்கியும் விடும்.

நாளையோ மறுநாளோ பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகுமுன் வீட்டில் நாலு விஷயம் பாருங்கள். கடைசியாக மலம் கழித்தது எப்போது? கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் நாலு நாள் மலச்சிக்கல் மட்டுமே ஒரு பெரியவரை ராத்திரி முழுக்கக் கத்தவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். போதுமான தண்ணீர் குடிக்கிறாரா, சிறுநீர் சரியாகப் போகிறதா? கடந்த சில வாரங்களில் எங்காவது விழுந்தாரா, தலையில் இடித்துக்கொண்டாரா? வயதானவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, விழுந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடக் குழப்பமாக வெளிப்படலாம். நாலாவது, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா? இதில் கடையில் வாங்கிக் கொடுத்த சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாமும் சேர்த்தி. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் மாதிரியான அலர்ஜி மருந்துகள், சிறுநீர் அடிக்கடி போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்கும் வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், இவையெல்லாம் மூளையில் அசிட்டைல்கோலின் என்கிற பொருளைத் தடுக்கும். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் செய்வதோ, அதே பொருளைக் கூட்ட முயல்வது. ஒரு கையால் ஊற்றி மறு கையால் கவிழ்க்கிற கதை. வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள், பட்டியல் எழுதினால் ஏதாவது விட்டுப்போகும்.

சிறுநீர்த் தொற்று என்று உடனே சொல்லிவிடுவார்கள். இருக்கலாம், வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே, எரிச்சல் சொல்லாமலே அது குழப்பமாக மட்டும் வருவதுண்டு. ஆனால் வயதான பெண்கள் பலருக்குத் தொந்தரவு எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். அதனால் பரிசோதனையில் கிருமி வந்தது என்பதாலேயே காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்து மற்றதைத் தேடாமல் நிறுத்திவிடக் கூடாது. ரத்தத்தில் சோடியம், நெஞ்சுச் சளி, எங்காவது வலி, இதெல்லாமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இப்போது மோதிரம். வேண்டுமென்றே செய்யவில்லை. அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ். இன்று நடந்ததை நாளைக்கு என்று எழுதிவைக்கிற இடம் அது. பாட்டிக்கு உள்ளூர ஒரு பயம் இருக்கிறது, பொருளெல்லாம் கைவிட்டுப் போகிற மாதிரி. அதனால் மோதிரத்தைப் பத்திரமான இடத்தில் ஒளித்துவைக்கிறார். ஒளித்துவைத்தது பதிவாகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வழக்கமான இடத்தில் மோதிரம் இல்லை. அவர் வைத்ததாக அவருக்கு எந்த நினைவும் இல்லை. நம் மூளை வெற்றிடத்தைச் சும்மா விடாது, ஒரு கதை போட்டு நிரப்பும். "நான் எடுக்கவில்லை, மோதிரம் இல்லை, இந்த அறைக்கு வந்துபோவது மருமகள் ஒருத்திதான்." அவர் கையில் உள்ள தகவலை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கில் தப்பே இல்லை. தகவல்தான் தப்பு. அதனால்தான் பழி எப்போதும் அதிகமாகப் பார்த்துக்கொள்கிறவர் தலையில் விழுகிறது. தூரத்தில் இருக்கிற அத்தை மீது ஒருநாளும் விழாது, அவர்தான் அந்த அறைக்கு வருவதே இல்லையே.

அத்தையிடம் நன்றாகப் பேசுவதும் நடிப்பு இல்லை. நலம் விசாரிப்பது, சாப்பிட்டாயா என்பது, குழந்தைகள் எப்படி என்பது, இதெல்லாம் ஐம்பது அறுபது வருடம் பேசிப் பேசிப் படிந்த வரிகள். புது நினைவு தேவையில்லை. பத்து நிமிடம் இழுத்துப்பிடித்து ஓட்டிவிடலாம், அப்புறம் களைத்துப்போவார். போனை வைத்த பிறகுதான் கோபமே ஆரம்பிக்கும், கவனித்திருப்பீர்கள். மருத்துவர் முன்னாலும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார், அதனால் அவர் பார்க்காததை நீங்கள்தான் எழுதிக் கொண்டுபோக வேண்டும்.

விளக்கம் ஏன் ஏறவில்லை என்றால், விளக்கத்தை வைத்துக்கொள்ளவும் அதே ஹிப்போகேம்பஸ்தான் வேண்டும். நீங்கள் சொன்ன காரணம் சில நிமிடங்களில் போய்விடும். ஆனால் "இவங்க என்கிட்ட சத்தம் போட்டாங்க" என்கிற கசப்பு போகாது. சம்பவம் மறந்தபின்னும் அது தந்த உணர்ச்சி தங்குகிறது என்பதை ஆய்வுகளிலும் காட்டியிருக்கிறார்கள், வார்டில் தினமும் பார்க்கலாம். ஆக வாதாடி ஜெயித்தால் உங்கள் நியாயம் மறைந்து சண்டை மட்டும் மிஞ்சும்.

அம்மா என்ன சொல்லலாம்? "நான் எடுக்கலை" என்பதில் ஆரம்பித்தால் அது வழக்காகிவிடும். அதைவிட, "மோதிரம் காணோமா? அய்யோ, அது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சதாச்சே அத்தை. வாங்க, தேடலாம்." இவ்வளவுதான். திருடியதாக ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கூடவே தேட வேண்டும், ஆனால் அம்மா கையில் மோதிரம் கிடைக்கக் கூடாது. கிடைத்தால் "பாத்தியா, அவகிட்டதான் இருந்துது" ஆகிவிடும். இருக்கும் இடம் தெரிந்தால் பாட்டியை அங்கே திருப்பிவிட்டு அவரே எடுக்கட்டும். எடுத்தபின் "நீங்களே வெச்சுட்டு எங்களைச் சொன்னீங்களே" என்று ஒரு வார்த்தை வரக் கூடாது, சிரிப்புகூட வேண்டாம். அந்த அவமானம்தான் அடுத்த பழிக்கு விதை.

ஒளித்துவைக்கும் இடங்கள் மனிதருக்கு மனிதர் மாறினாலும் ஒருவருக்கு நாலைந்துதான் இருக்கும், அவையே திரும்பத் திரும்ப வரும். தலையணை உறைக்குள், மடித்த துணியின் நடுவில், செருப்புக்குள், பழைய கைப்பைக்குள், காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில். குப்பையைக் கொட்டுமுன் ஒருதரம் கிளறிப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். விலை உயர்ந்த மோதிரம் என்றால் அதை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அதே மாதிரி மலிவான ஒன்றை, முடிந்தால் இரண்டாக, வாங்கி வையுங்கள். ஒன்று தொலைந்த பத்தாம் நிமிடத்தில் இன்னொன்று "கிடைத்துவிடும்." இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: டிமென்ஷியா உள்ளவர் சொல்கிறார் என்பதாலேயே எல்லாத் திருட்டும் கற்பனை ஆகிவிடாது. வெளியாள் வந்துபோகிற வீட்டில் ஒருமுறை அமைதியாகச் சரிபார்த்துவிடுவது நல்லது.

"வீட்டுக்குப் போகணும்" கொஞ்சம் வேறு. அவர் ஒரு முகவரியைக் கேட்கவில்லை. பெரும்பாலும், தனக்கு எல்லாம் தெரிந்திருந்த, தன்னை யாரும் அதட்டாத ஒரு காலத்தைக் கேட்கிறார். அது அவருடைய அம்மா இருந்த வீடாகக்கூட இருக்கலாம். "இதுதானே உங்க வீடு" என்று நீங்கள் சொன்னால், அவருக்கு அது அந்நியர் ஒருவர் வழிமறித்துப் பொய் சொல்வது மாதிரி. "போகலாம் பாட்டி, உங்க வீட்ல யாரெல்லாம் இருந்தாங்க, சொல்லுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். பேச ஆரம்பித்தால் கால் தானாக நிற்கும். நிற்காவிட்டால் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே ஒரு சுற்று போய்விட்டு வாருங்கள், திரும்பி வரும்போது அதே வாசல் பலருக்கு வீடாகிவிடும். எல்லோருக்கும் ஆகாது. தனியாக மட்டும் போக விடக் கூடாது. கதவில் ஒரு மணி கட்டுங்கள், சட்டைப் பையில் உங்கள் எண் எழுதிய அட்டை இருக்கட்டும்.

இது பொய் இல்லையா என்று கேட்பார்கள். எனக்கும் இதில் முழுத் தெளிவு வந்ததில்லை. நான் வைத்துக்கொண்ட கோடு இது: அவரே தெளிவாக இருக்கும் நேரத்தில் முகத்தைப் பார்த்து "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுவேன். ஆனால் இறந்துபோன கணவரை ஒரு நாளில் ஆறுதரம் தேடுகிறவரிடம் ஆறுதரமும் "அவர் செத்துட்டார்" என்று சொல்ல மாட்டேன், ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவைதான். "அவர் ஞாபகம் வந்துடுச்சா?" என்பேன். அது பொய்யும் இல்லை.

சாயங்காலத்தில் ஏன் என்பதற்கு ஒரே காரணம் கிடையாது. பகல், இரவு எது என்று உடம்புக்குச் சொல்லும் மூளைக் கடிகாரமே இந்த நோயில் பழுதாகிறது என்பது தெரிந்த விஷயம். மற்றது வீட்டுக்கு வீடு மாறும்: களைப்பு, மங்கின வெளிச்சம், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேருகிற சத்தம். எந்தக் காரணம் உங்கள் வீட்டில் என்பதை ஒரு நோட்டுதான் சொல்லும். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

83 வயது தாத்தா. தினம் அஞ்சரை மணி வாக்கில் "யாரோ நிக்கிறான், வெளியே போகச் சொல்லு" என்று கையை ஓங்குவார், அப்புறம் கதவைப் போட்டு உலுக்குவார். "காரணமே இல்லாம பண்றார்" என்றார் மகள். பத்து நாள் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன்: மணி என்ன, அதற்கு முந்தின அரைமணியில் வீட்டில் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரத்தில் அடங்கியது. பத்து நாளில் ஏழு நாள் ரகளை, மூன்று நாள் அமைதி. நாங்கள் அமைதியான நாட்களைத்தான் முதலில் படித்தோம். ஒன்று, மகன் மதியம் அவரை வெளியே நடக்கக் கூட்டிப்போன ஞாயிறு. மற்ற இரண்டும் பேத்திக்குப் பரீட்சை, கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று நாலரைக்கே விளக்கைப் போட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். நான் ஒருநாள் அஞ்சே காலுக்குப் போய் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். எதிரில் பெரிய ஜன்னல். வெளியே இருட்ட இருட்ட, உள்ளே தொலைக்காட்சி வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடியில் என் உருவம் தெரிய ஆரம்பித்தது, மங்கலாக, தோளிலிருந்து மேலே. அவர் துரத்தச் சொன்ன ஆள் அவரேதான்.

நோட்டில் இன்னும் இரண்டு இருந்தன. மதியம் இரண்டிலிருந்து நாலரை வரை தூங்குகிறார். சாப்பிட்டபின் ஒருதரமும் கழிவறைக்குப் போகவில்லை, அவர் கேட்கவும் மாட்டார், சிறுநீர் முட்டுகிறது என்பதை இந்தக் கட்டத்தில் பலர் வார்த்தையாகச் சொல்வதில்லை, எழுந்து அலைவார்கள், சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். நாலரைக்கு விளக்கு, திரைச்சீலை, தொலைக்காட்சி நிறுத்தம். தூக்கம் அரைமணி, அதுவும் சீக்கிரமாகவே. நாலே முக்காலுக்கு, கேட்காமல், "வாங்கப்பா" என்று கழிவறைக்கு. காலையில் ஒரு நடை. அடுத்த பத்து நாளில் ரகளை மூன்று நாளாகக் குறைந்தது, அதுவும் கால் மணியில் அடங்கியது. முழுக்க நிற்கவில்லை. நாலையும் ஒன்றாக மாற்றியதால் எது வேலை செய்தது என்று நிரூபிக்க முடியாது, என் சந்தேகம் அந்தத் திரைச்சீலை மீது.

உங்கள் வீட்டிலும் பாட்டியின் நாற்காலியில் சாயங்காலம் ஒருதரம் உட்கார்ந்து பாருங்கள். அவர் மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, காதுக் கருவி இருந்தால் அதன் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள், காது சரியாகக் கேட்காதவருக்கு நீங்கள் அடுத்த அறையில் பேசுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். தரையில் கறுப்பு விரிப்பு இருந்தால் எடுத்துவிடுங்கள், சிலருக்கு அது குழியாகத் தெரிகிறது. டோனெபெசிலை ராத்திரி கொடுக்கிறீர்களென்றால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், சிலருக்கு அது பயங்கரக் கனவுகளைத் தரும்.

அமைதிப்படுத்தும் மாத்திரை பற்றிக் கட்டாயம் பேச்சு வரும். ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் மாதிரியான மருந்துகள் அடிதடி, தாங்கமுடியாத பயம் இவற்றில் சிலருக்கு உதவுகின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அலைவதற்கும், "வீட்டுக்குப் போகணும்" என்பதற்கும், ஒரே கேள்வியைக் கேட்பதற்கும் அவை பெரிதாக எதுவும் செய்வதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2005-ல் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவ்வகைப் புதிய மருந்துகளைத் தருவது பற்றிக் கடும் எச்சரிக்கை போட்டது, 2008-ல் பழைய மருந்துகளுக்கும் அதை நீட்டியது. அவர்கள் பார்த்த ஆய்வுகளில், சுமார் பத்து வாரத்தில், மருந்து எடுத்தவர்களில் 4.5 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதமும் இறந்திருந்தார்கள். பக்கவாத ஆபத்தும் கூடுகிறது. அதனால் தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்காக, எத்தனை வாரம், எப்போது நிறுத்திப் பார்ப்போம்? இல்லாத ஆட்களையோ விலங்குகளையோ பாட்டி தெளிவாகப் பார்க்கிறார், நடை இறுகியிருக்கிறது, ஒரு நாள் தெளிவு மறுநாள் மந்தம் என்று இருந்தால் அதையும் மருந்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அது டிமென்ஷியாவில் லூயி பாடி என்கிற இன்னொரு வகையாக இருக்கலாம், அவர்களுக்கு இந்த மருந்துகள் மிக மோசமாக ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு.

கடைசியாக, அம்மா. நோய் பேசுகிறது என்று அவருக்கும் தெரியும், இருந்தாலும் குளிப்பாட்டிவிட்ட கையோடு திருடி என்று கேட்பது வலிக்கத்தான் செய்யும், "மனசுல வெச்சுக்காதீங்க" என்பதால் ஒன்றும் ஆகாது. சண்டை முற்றும்போது அவர் அறையை விட்டு வெளியே போகட்டும், ஐந்து நிமிடம் கழித்து நீங்களோ அப்பாவோ புது முகமாக உள்ளே போங்கள், பாட்டிக்கு அது புதுக் காட்சி. அத்தையிடம் போனில் புரியவைக்க முயலாதீர்கள், பத்து நிமிடப் பேச்சில் அவர் பார்ப்பது வேறு பாட்டியை. இரண்டு ராத்திரி வந்து தங்கச் சொல்லுங்கள், அந்த இரண்டு நாளும் அம்மா வீட்டில் இல்லாமல் எங்காவது போய்த் தூங்கட்டும். ஆனால் அதெல்லாம் இந்த ஒரு வாரத் தூக்கத்துக்குக் காரணம் தெரிந்த பிறகு. எழுப்பவே முடியாமல் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் கை கால் துவண்டாலோ நாளைக்கு என்று காத்திருக்காமல் ராத்திரியே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், அந்த மாத்திரைப் பையோடு.